ஒன்று என்றால் முதலாவது

ஒரு பக்கத் தாள். அதைத் தயாரிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவர்கள், இவள் ஏதோ ராக்கெட் செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஆசிரியர் அறையில் யாராவது என் மேசைப் பக்கம் டீ டம்ளரோடு வந்தால்கூடத் தாளை மூடி வைப்பேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். எம்.எட். படித்தபோது ஆய்வுக்காகக் கேள்விப் படிவம் தயாரித்த அனுபவம் உண்டு. அந்த ஒரு தகுதியை வைத்து எங்கள் தலைமையாசிரியை அந்த ஆண்டு ஜூலையில் என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டாம் வகுப்புக்குத் தினமும் சிறப்பு வகுப்பு வைக்க வேண்டும், மாலை ஆறரை வரையா, அல்லது காலை எட்டு மணிக்கா என்பதுதான் பேச்சு. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு மாலைதான் வசதி. நான் மட்டும் காலை என்றேன்.

"ஏம்மா, காலைல இன்னா விசேஷம்?" என்றார்.

"ரயில்ல வர்ற பொண்ணுங்களுக்கு மாலை ஒத்து வராது மேடம்."

"எத்தன பேருக்கு?"

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒருத்தி.

"ஒருத்தி ரெண்டு பேருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க. பிள்ளைங்களையே கேளுங்க. எழுத்துல வரட்டும். மூணுல ஒரு பங்கு பேர் கஷ்டம்னு சொன்னா காலைக்கே மாத்திடலாம். நான் வார்த்தை மாற மாட்டேன்." அவர் வார்த்தை மாறுகிறவர் இல்லை. அதை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த ஒருத்தி எளாவூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள். கலைப் பிரிவில் மூன்றாவது பெஞ்ச். கணக்குப் பதிவியல் அவளுக்கு அத்துப்படி. பெரிய வாயாடி இல்லை, ஆனால் ஏதாவது கேட்டால் நேராகப் பதில் சொல்வாள். மாலை வகுப்பு வரப்போகிறது என்ற செய்தி கசிந்த அன்று, கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், ஆறரை வரைக்குமா?"

"இன்னும் முடிவாகல. ஏன்?"

அவள் அம்மாவுக்குத் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை, இரவு ஷிப்ட். ஆறு மணிக்குச் செக்போஸ்ட் பக்கத்தில் கம்பெனி வேன் வந்து நிற்கும், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் போய்விடும். அப்பா லாரியில் போகிறவர், மாதத்தில் பாதி நாள் ஒரிசாவிலோ வங்காளத்திலோ இருப்பார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி. அவள் நாலேகாலுக்குப் பள்ளியை விட்டால்தான் ஆறுக்குள் வீட்டில் இருந்து, குழந்தையை அம்மா இடுப்பிலிருந்து தன் இடுப்புக்கு வாங்கிக்கொள்ள முடியும்.

"ஹெச்செம் கிட்ட சொல்லட்டுமா?" என்றேன்.

"வேணாம் மிஸ். போன வருஷம் ஒரு அக்கா இப்டி சொல்லி, எல்லாரும் அவங்க அம்மாவுக்கு போன் பண்ணி, பெரிய பேஜாராயிடுச்சு. எங்கம்மா பயப்படும்."

"சரி. ஒரு படிவம் குடுக்கப் போறோம். பேர் எழுத வேணாம். அதுல உள்ளத உள்ளபடி போடு. உன்ன மாதிரி எத்தன பேர் இருக்காங்களோ, எல்லாரும் போட்டா போதும்."

அவள் தலையாட்டினாள். நான் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்ததும், அவள் அதை நம்பியதும் இவ்வளவுதான்.

அன்றிரவே முப்பத்திரண்டு கேள்வி எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. பாதி, பதிலை வாயில் ஊட்டுகிற கேள்விகள். 'மாலை வகுப்பால் மாணவிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படும் என்று கருதுகிறீர்களா?' என்று கேட்டால் எவள் இல்லை என்பாள்? அப்படி வாங்கிய பதிலைத் தலைமையாசிரியை ஒரு பார்வையில் தூக்கி எறிந்துவிடுவார். இன்னொன்று, 'சிறப்பு வகுப்பின் நேரமும் கற்பிக்கும் முறையும் எனக்கு ஏற்றதாக உள்ளன.' நேரம் பிடிக்காமல் கற்பிப்பது பிடித்தவள் இதற்கு என்ன போடுவாள்? ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பது எம்.எட். பாடத்தின் அரிச்சுவடி. அதையே மறந்திருந்தேன்.

வெட்டினேன், பிரித்தேன், மாற்றினேன். 'பயணத்தில் இடர்ப்பாடு' என்று எழுதியதை 'வீட்டுக்குப் போவது கஷ்டம்' என்று ஆக்கினேன். 'அடிக்கடி' என்ற சொல்லை எடுத்தேன், ஒருத்திக்கு வாரம் ஒரு முறையே அடிக்கடி, இன்னொருத்திக்குத் தினமும் நடப்பதுகூட அடிக்கடி இல்லை. அதற்குப் பதில் 'வாரத்தில் எத்தனை நாள்' என்று கேட்டேன். நடுநாயகமான வாக்கியம் இதுதான்: 'மாலை ஆறரை வரை பள்ளியில் இருப்பது எனக்குக் கஷ்டம்.' இதே விஷயத்தைத் திருப்பிப் போட்டு, 'மாலை ஆறரை வரை என்னால் எளிதாக இருக்க முடியும்' என்று வேறோர் இடத்தில் வைத்தேன். ஒன்றுக்கு ஆம் என்றவள் மற்றதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், படிக்காமல் போட்டிருக்கிறாள் அல்லது புரியாமல் போட்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடும். படிவத்துக்கு அது ஒரு காவல் நாய்.

பாடம் புரிகிறதா என்பதற்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாக்கியம் வைத்தேன். தலைமையாசிரியை கேட்டுக்கொண்டது அது.

பதில் போடுவதற்கு ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் ஐந்து கட்டங்கள். கட்டத்துக்குள்ளேயே சொற்கள்: சரியே இல்லை, பெரும்பாலும் சரியில்லை, கருத்து இல்லை, பெரும்பாலும் சரி, முற்றிலும் சரி. எது பொருந்துகிறதோ அதில் டிக்.

பிறகு முன்னோட்டம். படிவத்தை எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன் ஒரு சிறு கூட்டத்துக்குக் கொடுத்து, எங்கே தடுக்கிறது, எங்கே தப்பாகப் புரிகிறது என்று பார்ப்பது. சட்டை தைக்கிறவர் கைவைக்கும் முன் அளவு பார்ப்பதுபோலத்தான். யாருக்குக் கொடுப்பது? உண்மையில் யார் நிரப்பப் போகிறார்களோ அவர்களைப் போன்றவர்களுக்கு. ஆக, எளாவூர்ப் பக்கத்துப் பெண்களும் அதில் இருந்திருக்க வேண்டும்.

அவர்களை நான் வேண்டுமென்றே விட்டேன்.

காரணம் இருந்தது. முன்னோட்டத்தில் உட்கார்ந்தவர்களின் பதிலைக் கடைசிக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது முறை. அவர்கள் ஏற்கெனவே கேள்வியைப் பார்த்துவிட்டவர்கள், பேசிவிட்டவர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பெண்களே கொஞ்சம் பேர். அவர்களில் நாலைந்து பேரை முன்னோட்டத்தில் செலவழித்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு நான் எங்கே போவேன்? ஒவ்வொரு ஓட்டும் வேண்டும் எனக்கு. கஞ்சன் விதைநெல்லைக் காப்பதுபோல அவர்களைப் பொத்திப் பொத்தி வைத்தேன்.

அதனால் அறிவியல் பிரிவில், பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிற பன்னிரண்டு பேரை மதிய இடைவேளையில் நூலகத்தில் உட்கார வைத்தேன். எல்லாம் முன்வரிசைப் பிள்ளைகள். தலைப்பிலிருந்து கடைசி வரிவரை ஒன்றுவிடாமல் படிக்கிறவர்கள். பதினோரு நிமிடத்தில் முடித்தார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "மிஸ், 'கருத்து இல்லை'ன்னா தெரியலன்னு அர்த்தமா, இல்ல சொல்ல இஷ்டமில்லன்னு அர்த்தமா?" நல்ல கேள்வி. அதைப் 'பாதி சரி' என்று மாற்றினேன். மற்றபடி ஒரு தடங்கலும் இல்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தலைமையாசிரியை படிவத்தைப் பார்த்தார். மூன்று பக்கம் வந்திருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரே பக்கமா பண்ணிடுங்கம்மா. ஜெராக்ஸ் மிஷின் ரெண்டு பக்கம் போட்டா மாட்டிக்குது."

ஒரு பக்கத்தில் அடக்கவேண்டும் என்றால் கட்டங்களுக்குள் இருந்த சொற்கள் போயாக வேண்டும். சொற்களை எடுத்துவிட்டு எண்கள் வைத்தேன். 1 2 3 4 5. மேலே ஒரே ஒரு வரி, சின்ன எழுத்தில்: '5 முற்றிலும் சரி, 1 சரியே இல்லை. பொருந்தும் எண்ணை வட்டமிடவும்.' அப்படியும் ஒரு வரி இடித்தது. காவல் நாயை எடுத்தேன். ஒரே விஷயத்தை இரண்டு முறை எதற்குக் கேட்பது என்று தலைமையாசிரியையும் கேட்டிருந்தார். கச்சிதமாக ஒரு பக்கம்.

படிவத்தின் உருவமே மாறிவிட்டது. மாறினால் மறுபடி முன்னோட்டம் வைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. அன்று சாயங்காலம் ரயில் நிலையத்தில் எளாவூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கடலை தின்றுகொண்டு நின்றிருந்ததைப் பார்த்தேன். நான் கவரைப்பேட்டையில் இறங்குகிறவள், எதிர்த்த நடைமேடையில் நின்றிருந்தேன். பையில் புதுப் படிவம் நாலு பிரதி இருந்தது. படியேறி அந்தப் பக்கம் போய் ஒருத்தியிடம், 'இதப் போட்டுக் காட்டு, என்ன நினைச்சுப் போடுறன்னு வாய்விட்டுச் சொல்லு' என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்கவில்லை. அவள் ஓட்டு வீணாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு டீச்சர் இல்லையா.

படிவம் கொடுத்த நாள் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். அறிவியல் பிரிவுக்கு நானே போனேன். மேலே இருந்த வரியை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கலைப் பிரிவுக்கு வேறோர் ஆசிரியை போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் நான் தாள்கட்டை மட்டுமே கொடுத்தேன், என்ன சொல்ல வேண்டும் என்று எழுதித் தரவில்லை. "சீக்கிரம் போட்டுக் குடுங்கப்பா, பெல் அடிக்கப் போகுது" என்றிருக்கிறார். அந்த அவசரம் யாருக்கு அதிகம்? ரயிலைப் பிடிக்க வேண்டியவளுக்கு. மேலே இருந்த சின்ன எழுத்தைப் படிக்காமல் விட்டவர்கள் யார்? அவர்களேதான். இதை இன்று இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முக்கியமான அந்த வாக்கியத்துக்கு வரும்போதெல்லாம் இரண்டு முறை பார்த்துவிட்டுத் தட்டினேன். அறிவியல் பிரிவில் ஒன்றும் இரண்டுமாக வந்தது, அது எதிர்பார்த்ததுதான், அவர்களெல்லாம் பக்கத்துத் தெரு. கலைப் பிரிவுக் கட்டைப் பிரித்தேன். ஒன்று. ஒன்று. மூன்று. ஒன்று. நடுவில் சில ஐந்து. மறுபடி ஒன்று. ஒரு தாளில் அந்த ஒன்றை மூன்று முறை வட்டமிட்டு, பேனா அழுத்தித் தாளே கிழிந்திருந்தது. 'இவளுக்கு அப்படி என்ன கஷ்டமே இல்லாத ராஜ வாழ்க்கை' என்று நினைத்துக்கொண்டே 1 என்று தட்டினேன்.

அப்போதாவது என் மூளை வேலை செய்திருக்கலாம். அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது. தமிழ் ஐயா என்று ஒருவர் எங்கள் பள்ளியில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். கலைப் பிரிவில் அவர் பாடம் என்றால் மழை நாளில்கூட வருகை குறையாது. 'தமிழ்ப் பாடம் எனக்குப் புரிகிறது' என்ற வாக்கியத்துக்கு அதே பிரிவில் வரிசையாக ஒன்று, ஒன்று, ஒன்று. சரியே இல்லையாம்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. எத்தனை வருஷம் அவர் வகுப்பிலிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வகைநுண்கணிதம் நடத்திக்கொண்டே கேட்டிருக்கிறேன். 'சிரிக்க வைத்தால் போதுமா, பாடம் ஏற வேண்டாமா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நம்ப ஆசைப்பட்டதை நம்பினேன்.

திங்கட்கிழமை அவரே வந்து தன் எண்ணைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"என் பிள்ளைங்க இப்படிப் போட மாட்டாங்களேம்மா. எங்கியோ தப்பு இருக்கு. கொஞ்சம் பாருங்க."

"பேர் இல்லாமக் கேட்டா அப்படித்தான் ஐயா. மனசுல இருக்கறது வெளிய வரும்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தலைமையாசிரியை என் அறிக்கையைப் படித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கக்கூட இல்லை. "பாத்தீங்களா, நீங்கதான் வீணா கவலப்பட்டீங்க" என்று அன்பாகவே சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் அறிவித்து, யாரும் நடுவில் போகக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, செப்டம்பர் முதல் வாரத்தில் மாலை வகுப்பு தொடங்கிவிட்டது. எனக்கும் குழப்பம்தான். அந்த ஒருத்தியின் குடும்பத்தில் ஏதாவது ஏற்பாடு ஆகியிருக்கும், அம்மாவுக்கு ஷிப்ட் மாறியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எண்ணே சொல்லிவிட்ட பிறகு அவளை எதற்குக் கேட்பது?

முதல் வாரம் அவள் ஆறரை வரை இருந்தாள். இரண்டாம் வாரம் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் வாரம் பள்ளிக்கே வரவில்லை. அவளோடு ரயிலில் வருகிற இன்னும் மூன்று பேரும் அந்த மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வரிசையாக ஆப்சென்ட் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை எளாவூருக்குப் போனேன். செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையைத் தாண்டி, இரண்டு சந்து உள்ளே. அவள் வாசலில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்து வந்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"இன்னா பண்றது டீச்சர். ஒரு வாரம் சின்னவன பக்கத்து ஊட்ல உட்டுட்டுப் போனேன். அவங்களும் எத்தினி நாளைக்குப் பாத்துக்குவாங்க? நான் நின்னுட்டா வேற ஆள எடுத்துக்குவாங்க கம்பெனில. அதான் பொண்ண ஸ்கூல்லேர்ந்து நிறுத்திட்டேன்." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா டீ போட உள்ளே போன பிறகு நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். கேட்டது அதட்டலாகத்தான் வந்தது.

"படிவத்துல ஏன் கஷ்டம்னு போடல? அவ்ளோ சொன்னேனே உன்கிட்ட?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"போட்டனே மிஸ். ஒண்ணு போட்டேன்."

"ஒண்ணா?"

"ஆமா மிஸ். ஒண்ணுன்னா ஃபர்ஸ்ட்டுதான? ஃபர்ஸ்ட் ரேங்க் மாதிரி. எனக்கு எல்லாத்தையும் விட அதான் மொதல் கஷ்டம். அதான் ஒண்ணு. எங்க ரயில்ல வர்றவங்க எல்லாருமே அப்டிதான் போட்டோம். நான் மூணு வாட்டி சுத்தி சுத்திப் போட்டேன் மிஸ், பேப்பரே கிழிஞ்சிடுச்சு. தமிழ் ஐயாவுக்கும் ஒண்ணுதான் போட்டேன்."

முதல் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததே அதுதான். ஒன்றாவது ரேங்க் எடு. ஒன்றாவதாக வா. ரேங்க் கார்டில் ஒன்று என்று எழுதி, சிவப்பு மையில் சுற்றி வட்டம் போடுகிறவளே நான்தான். அந்த எண் அவர்களுக்கு என்ன என்று உலகத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான். மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தை அது அழித்துவிடும் என்று இருந்திருக்கிறேன். அந்தப் பிரிவில் வந்த சில ஐந்துகள் உண்மையில் எதைச் சொல்லின என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

டீயைக் குடித்தேனா, கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டேனா, நினைவில்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, படிவம் செல்லாது, மாலை வகுப்பைக் காலைக்கு மாற்றுங்கள் என்றேன்.

"ஒரு பொண்ணு வாய்வார்த்தையா சொன்னத வெச்சு, பெத்தவங்க கையெழுத்துப் போட்டத எப்டிம்மா மாத்த முடியும்? எழுத்துல வந்தத எழுத்துலதான் மாத்தணும். திரும்ப எடுங்க. இந்தத் தடவ சரியா எடுங்க. அப்பவும் அதே கணக்குதான், மூணுல ஒரு பங்கு."

"நின்னுபோனவங்களுக்கும் குடுக்கலாமா மேடம்?"

"வகுப்புக்கு வராதவங்க வகுப்பு நேரத்தப் பத்தி எப்டி சொல்வாங்க? நாளைக்கு யாராவது கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? வர்றவங்ககிட்ட எடுங்க."

அந்த வாரம் தமிழ் ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எண்ணு எப்டியோ போவட்டும்மா, அந்தப் பிள்ளைங்க திரும்ப வருமா?" என்றார்.

மறுபடி படிவம் செய்தேன். எண்களை அடியோடு எடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் அதற்கேற்ற முழுச் சொற்கள். நேரத்தைக் கேட்ட இடத்தில்: கஷ்டமே இல்லை, கொஞ்சம் கஷ்டம், ரொம்பக் கஷ்டம், இருக்கவே முடியாது. எத்தனை பக்கம் வந்தாலும் வரட்டும் என்று விட்டேன். ஜெராக்ஸ் மிஷின் மாட்டிக்கொண்டால் கையால் எழுதுகிறேன் என்றேன். காவல் நாயைத் திரும்பக் கட்டினேன். வகுப்பில் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று தனித் தாளில் வரிக்கு வரி எழுதினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வேண்டாம், செவ்வாய் இரண்டாவது பீரியட் என்று வாங்கினேன்.

முன்னோட்டத்துக்கு எளாவூர் போனேன். இந்தத் தடவை அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் அவள் என்னவென்று புரிந்துகொள்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். தம்பி மடியில் ஏறிப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். அவள் அவன் கையை விலக்கி விலக்கிப் பதில் சொன்னாள். 'வீட்டில் பொறுப்பு' என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, "பொறுப்புன்னா சமையல் மாதிரின்னு நெனச்சுக்குவாங்க மிஸ். குழந்தையப் பாத்துக்கறது தனியாக் கேளுங்க" என்றாள். இன்னொன்றில், "ரயில் லேட்டுன்னு கேக்காதீங்க, அடுத்த ரயில் வர எவ்ளோ நேரம் ஆகும்னு கேளுங்க" என்றாள். எம்.எட். படித்தவளுக்குத் தோன்றாதது. மற்ற மூன்று வீடுகளுக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள், இடுப்பில் தம்பியோடு. எல்லோரும் டிக் போட்டு முடித்த பிறகு அவள் தாளைத் திரும்ப ஒரு முறை மேலிருந்து கீழே படித்தாள்.

"இப்ப கரெக்டா இருக்கு மிஸ். யாரும் தப்பாப் போட மாட்டாங்க."

"சரி."

"மாத்திடுவாங்களா மிஸ்?"

பார்க்கலாம் என்றேன். அவள் தலையாட்டினாள், ஜூலையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று ஆட்டியது போலவே.

செவ்வாய்க்கிழமை படிவம் கொடுத்தோம். ஒரு பிள்ளைகூடச் சந்தேகம் கேட்கவில்லை. திருப்பிக் கேட்ட இரண்டு வாக்கியங்களும் தாளுக்குத் தாள் ஒத்துப்போயின. தமிழ் ஐயாவுக்குக் கலைப் பிரிவில் எல்லோருமே 'நன்றாகப் புரிகிறது' போட்டிருந்தார்கள். மாலை ஆறரை வரை இருப்பது பற்றிய கேள்விக்குப் பெரும்பாலோர் 'கஷ்டமே இல்லை'. சிலர் 'கொஞ்சம் கஷ்டம்'. 'இருக்கவே முடியாது' என்ற கட்டத்தில் ஒரு டிக்கூட இல்லை. இருக்க முடியாதவர்கள்தான் இல்லையே.

முதல் தடவை நான் பொய்யான படிவம் கொடுத்தேன், உண்மையான ஆட்கள் இருந்தார்கள். இப்போது படிவத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தலைமையாசிரியை அறிக்கையை வாங்கி, பார்த்து, என் முகத்தைப் பார்த்து, கோப்பில் வைத்தார். "நல்லாப் பண்ணியிருக்கீங்கம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் படிவத்தை இன்னும் இரண்டு பள்ளிகள் கேட்டு வாங்கிக்கொண்டு போயின. எளாவூரில் டிக் போட்ட நாலு தாளும் என் பையிலேயே இருக்கின்றன. முதல் தாளில் 'இருக்கவே முடியாது' என்ற கட்டத்தில் அழகான ஒரு டிக், பக்கத்தில் தம்பி இழுத்த கோணல் கோடு. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முன்னோட்டத் தாள்களைச் சேர்க்கக் கூடாது.